சாம்பார் எப்போது 60 டிகிரிக்கு இறங்கும்? வரைபடத்திலிருந்து k-ஐப் படிப்போம்

தம்பி, தங்கைகளே! சனிக்கிழமை வகுப்பில் நியூட்டனின் குளிர்தல் விதியை எடுத்தால், பாதிப் பேர் சூத்திரத்தைக் கடகடவென்று ஒப்பித்துவிடுவார்கள். "சரி, இந்த வரைபடத்திலிருந்து k எவ்வளவுன்னு படிச்சுச் சொல்லு" என்று தாளை நீட்டினால்தான் அமைதி. ஆகவே இந்த மாதப் பாடம் அந்த ஒரே வேலையைப் பற்றியது. வெப்பநிலைக்கும் நேரத்துக்கும் வரைந்த கோடு கையில் இருக்கிறது. அதிலிருந்து குளிர்தல் மாறிலி k-ஐ எப்படி எடுப்பது? எடுத்த எண்ணை நம்பலாமா, கூடாதா என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது?

இது தேர்வுக்கு மட்டும் உதவும் கணக்கு என்று நினைக்காதீர்கள். நம்மில் பலர் கோயில் அன்னதானத்திலும் தைப்பூசத்தின்போதும் பரிமாறும் வேலைக்குப் போகிறோம். சமைத்த சாம்பார் அண்டாவில் இருக்கிறது. வரிசை நீளமாக இருக்கிறது. 5 டிகிரியிலிருந்து 60 டிகிரி வரை கிருமிகள் வேகமாகப் பெருகக்கூடிய ஆபத்து வட்டம், சூடான உணவை 60-க்கு மேலேயே வைத்திருங்கள் என்று சிங்கப்பூர் உணவு அமைப்பு சொல்கிறது. அந்த அண்டா எத்தனை மணிக்கு 60-ஐத் தொடும்? k தெரிந்தால் முன்கூட்டியே சொல்லலாம். k தப்பாக இருந்தால் பதிலும் தப்பு. அதைச் சாப்பிடப்போவது நூற்றுக்கணக்கான பேர்.

நியூட்டன் சொன்னது என்ன?

1701-ல் லண்டனின் 'ஃபிலசாஃபிக்கல் டிரான்சாக்‌ஷன்ஸ்' இதழில், பெயர் போடாமல், லத்தீனில் ஒரு சின்னக் கட்டுரை வந்தது. எழுதியவர் நியூட்டன். அவரிடம் இருந்தது ஆளி விதை எண்ணெய் நிரப்பிய வெப்பமானி. பழுக்கக் காய்ச்சிய இரும்பின் சூட்டை அதனால் அளக்க முடியாது. அதனால் இரும்பைக் காற்றில் ஆறவிட்டு, எவ்வளவு நேரத்தில் ஆறுகிறது என்று பார்த்து, ஆரம்பத்தில் எவ்வளவு சூடு இருந்திருக்கும் என்று கணக்குப் போட்டார். நாம் முன்னோக்கிப் போகும் கணக்கை அவர் பின்னோக்கிப் போட்டார், அவ்வளவுதான்.

விதி எளிமையானது. ஒரு பொருள் எவ்வளவு வேகமாக ஆறும் என்பது, அது சுற்றுப்புறத்தைவிட எவ்வளவு கூடுதலாகச் சூடாக இருக்கிறது என்பதைப் பொறுத்தது. கூடுதல் இரண்டு மடங்கானால் ஆறும் வேகமும் இரண்டு மடங்கு.

dT/dt = −k(T − Ts)

இதில் T பொருளின் வெப்பநிலை, Ts சுற்றுப்புற வெப்பநிலை. T − Ts என்பதை நான் இந்தக் கட்டுரை முழுக்க 'கூடுதல் சூடு' என்றே சொல்லப்போகிறேன். ஏனென்றால் விதி பேசுவது T-ஐப் பற்றி அல்ல, கூடுதல் சூட்டைப் பற்றி. இதை மறந்தால் மீதி எல்லாமே கோணலாகிவிடும்.

k-க்கு அர்த்தம் என்ன? k நிமிடத்துக்கு 0.016 என்றால், ஒவ்வொரு நிமிடமும் அப்போது மிச்சமிருக்கும் கூடுதல் சூட்டில் ஏறத்தாழ 1.6 சதவீதம் போய்விடுகிறது என்று பொருள். 1.6 டிகிரி அல்ல, மிச்சத்தில் 1.6 சதவீதம். அதனால்தான் கோடு முதலில் சரேலென்று இறங்கி, பிறகு சோம்பேறித்தனமாக நகர்கிறது.

ஒரு டம்ளர் வெந்நீர்

எண்கள் இல்லாமல் பேசினால் மனதில் ஒட்டாது. என் வீட்டுச் சமையலறையில் செய்து பார்த்ததையே எடுத்துக்கொள்வோம். எவர்சில்வர் டம்ளரில் 200 மில்லிலிட்டர் வெந்நீர். மேலே தட்டு மூடி, அதில் வெப்பமானி நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை. டம்ளருக்கு அடியில் மரப்பலகை. சற்றுத் தள்ளி ஃபேன், கடைசி வரை ஒரே மெதுவான வேகத்தில். டம்ளருக்குப் பக்கத்தில் இன்னொரு வெப்பமானி, சுற்றுப்புறத்துக்கு. அது 29 டிகிரி காட்டியது. ஒவ்வொரு தடவையும் தண்ணீரை மெல்லக் கலக்கிவிட்டுத்தான் படித்தேன். வெப்பமானியை அரை டிகிரி வரை படிக்கலாம்.

| நேரம் (நிமிடம்) | T (°C) | கூடுதல் சூடு T − 29 | ln(T − 29) |
|---|---|---|---|
| 0 | 79.0 | 50.0 | 3.91 |
| 10 | 71.5 | 42.5 | 3.75 |
| 20 | 65.5 | 36.5 | 3.60 |
| 30 | 60.0 | 31.0 | 3.43 |
| 40 | 55.5 | 26.5 | 3.28 |
| 50 | 51.5 | 22.5 | 3.11 |
| 60 | 48.0 | 19.0 | 2.94 |

முதல் இரண்டு பத்திகளை மட்டும் வைத்து வரைபடத் தாளில் T-க்கும் நேரத்துக்கும் கோடு போடுங்கள். புள்ளிக்குப் புள்ளி ஸ்கேல் வைத்து இணைக்காதீர்கள். எல்லாப் புள்ளிகளையும் ஒட்டி ஒரே வழவழப்பான வளைகோடு. இனி இதிலிருந்து k-ஐ மூன்று வழிகளில் படிப்போம்.

முதல் வழி: தொடுகோடு

விதியே சாய்வைப் பற்றித்தானே பேசுகிறது? அதனால் வளைகோட்டில் ஏதாவது ஒரு புள்ளியில் தொடுகோடு போட்டுச் சாய்வைப் பார்த்தாலே போதும். 30-ஆவது நிமிடத்தை எடுத்துக்கொள்வோம், அங்கே T = 60. அந்தப் புள்ளியைத் தொட்டுக்கொண்டு போகும் கோட்டை இரண்டு பக்கமும் நன்றாக நீட்டினேன். அது (10, 70) என்ற இடத்திலும் (50, 50) என்ற இடத்திலும் போகிறது. 40 நிமிடத்தில் 20 டிகிரி இறக்கம், ஆகவே சாய்வு நிமிடத்துக்கு −0.5 டிகிரி.

இங்கேதான் பலர் நிறுத்திவிட்டு "k = 0.5" என்று எழுதிவிடுகிறார்கள். 0.5 என்பது அந்த நேரத்தில் ஆறும் வேகம் மட்டுமே. அதை அந்த நேரத்துக் கூடுதல் சூட்டால் வகுக்க வேண்டும்: 0.5 ÷ 31 = 0.016. டிகிரியை டிகிரியால் வகுத்ததால் அலகில் டிகிரி போய்விட்டது. k-இன் அலகு 'நிமிடத்துக்கு' என்பது மட்டும்தான்.

இந்த வழியின் பலவீனம் கண்ணுக்குத் தெரியும். தொடுகோட்டை நீங்கள் ஒரு மாதிரி வைப்பீர்கள், உங்கள் தம்பி வேறு மாதிரி வைப்பான். சாய்வு 0.45 என்று வந்தால் k 0.0145, 0.55 என்று வந்தால் 0.0177. கை கொஞ்சம் அசைந்ததற்கே பத்து சதவீத வித்தியாசம்.

இரண்டாவது வழி: பாதியாகும் நேரம்

கூடுதல் சூடு பாதியாக எவ்வளவு நேரம் ஆகிறது என்று வரைபடத்தில் பாருங்கள். ஆரம்பத்தில் கூடுதல் 50. பாதி 25. அதாவது T = 29 + 25 = 54. கவனியுங்கள், 79-இல் பாதி 39.5 என்று போகக்கூடாது! 54-லிருந்து கிடைக்கோடு போட்டால் வளைகோட்டை ஏறத்தாழ 43.5 நிமிடத்தில் வெட்டுகிறது.

k = 0.693 ÷ 43.5 = 0.016

0.693 என்பது ln 2. இந்த வழிக்கு ஓர் அழகான சோதனை உண்டு. பாதியாகும் நேரம் எங்கிருந்து தொடங்கினாலும் ஒன்றாகவே இருக்க வேண்டும். 10-ஆவது நிமிடத்தில் கூடுதல் 42.5, அதில் பாதி 21.25; T = 50.25. வளைகோடு அந்த இடத்துக்கு வருவது 53.5 நிமிடம் வாக்கில். வித்தியாசம் மறுபடியும் 43.5. அப்படியென்றால் இந்த டம்ளர் நியூட்டன் சொன்னபடி நடக்கிறது என்று நம்பலாம். இரண்டு இடத்தில் பார்த்து இரண்டு வெவ்வேறு நேரம் வந்தால், ஏதோ கோளாறு.

மூன்றாவது வழி: நேர்கோடு ஆக்குவது

ஏ மேத்ஸ் எடுப்பவர்களுக்கு இது பழகிய வேலை. வளைந்த உறவை நேர்கோடாக மாற்றி, சாய்விலிருந்தும் வெட்டுத்துண்டிலிருந்தும் மாறிலிகளைப் படிப்பீர்களே, அதே கணக்கு. விதியைத் தொகையிட்டு மடக்கை எடுத்தால்:

ln(T − Ts) = ln(T0 − Ts) − kt

T0 என்பது ஆரம்ப வெப்பநிலை. நிமிர்ந்த அச்சில் ln(T − Ts), கிடை அச்சில் t. சாய்வு −k. அட்டவணையின் கடைசிப் பத்தியை வரைந்தால் ஏழு புள்ளிகளும் கிட்டத்தட்ட ஒரே கோட்டில் உட்காருகின்றன. சாய்வுக்கு அட்டவணைப் புள்ளிகளை எடுக்காதீர்கள். நீங்கள் போட்ட கோட்டின் மேல், ஒன்றுக்கொன்று தூரமாக இரண்டு இடங்களை எடுங்கள். என் கோட்டில் (0, 3.91), (60, 2.95). சாய்வு −0.96 ÷ 60 = −0.016. ஆகவே k = நிமிடத்துக்கு 0.016.

மூன்றில் நம்பகமானது இதுதான். தொடுகோடு ஒரே இடத்தைப் பார்க்கிறது, இந்த வழியோ ஏழு அளவீடுகளையும் சேர்த்துப் பார்க்கிறது. நம் கண்ணும் வளைகோட்டைவிட நேர்கோட்டைத்தான் நன்றாக எடைபோடும். கால்குலேட்டரில் ln-க்குப் பதில் lg தட்டினால் சாய்வு 0.007 என்றுதான் வரும், அதை 2.303-ஆல் பெருக்கினால்தான் k.

"ரூம் டெம்பரேச்சர் 25 தானே அண்ணா?"

இந்தக் கேள்வி எல்லா வருஷமும் வரும். பாடப்புத்தகக் கணக்குகளில் அறை வெப்பநிலை 25 டிகிரி என்று போட்டிருப்பதால், சிங்கப்பூர் சமையலறையிலும் அதையே எழுதிவிடுகிறார்கள். ஏர்கான் இல்லாத நம் வீட்டுச் சமையலறை மத்தியானத்தில் 29, 30 காட்டும். இந்த நாலு டிகிரி என்ன செய்யும்? அதே அளவீடுகளை வைத்துக்கொண்டு 29-க்குப் பதில் 25-ஐக் கழித்துப் பார்ப்போம்.

ஆரம்பத்தில் கூடுதல் 54, ln 3.99. 60-ஆவது நிமிடத்தில் கூடுதல் 23, ln 3.14. சாய்வு −0.85 ÷ 60 = −0.014. பத்து சதவீதத்துக்கும் மேல் பிழை. அதைவிட மோசம் என்ன தெரியுமா? நடுவில் உள்ள புள்ளிகளையும் வரைந்து பாருங்கள், அதுவும் நேர்கோடு மாதிரியே இருக்கும்! முதல் ஒரு மணி நேரத்தில் கண்ணால் வித்தியாசம் கண்டுபிடிக்கவே முடியாது. "கோடு நேராக வந்துவிட்டது, ஆகவே k சரி" என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

உண்மை வெளியே வருவது வால் பகுதியில். இன்னும் ஒரு மணி நேரம் டம்ளரை விட்டுவைத்தேன். 120-ஆவது நிமிடத்தில் T = 36.5. சரியான 29-ஐக் கழித்தால் கூடுதல் 7.5, ln 2.01. இரண்டாவது மணி நேரத்தின் சாய்வு −0.93 ÷ 60, அதாவது −0.0155. முதல் மணி நேரத்தோடு ஒத்துப்போகிறது. 25-ஐக் கழித்தால் கூடுதல் 11.5, ln 2.44, சாய்வு −0.0117. முதல் மணி நேரத்தில் 0.014, இரண்டாவதில் 0.0117 என்றால் கோடு மேல்நோக்கி வளைகிறது. Ts-ஐ உண்மையைவிடக் குறைவாக எடுத்தால் வால் மேலே தூக்கும். அதிகமாக எடுத்தால் வால் கீழே விழும். இதை வைத்தே Ts சரியா என்று சோதிக்கலாம்.

ஆனால் வாலை ரொம்பவும் நம்பக்கூடாது. கூடுதல் 50 இருக்கும்போது வெப்பமானியில் அரை டிகிரி தவறினால் பிழை ஒரு சதவீதம். கூடுதல் 7.5 இருக்கும்போது அதே அரை டிகிரி ஏழு சதவீதப் பிழை. ஆகவே கோடு போடும்போது கடைசிப் புள்ளிகள் கொஞ்சம் மேலே கீழே ஆடினால் அவற்றுக்காகக் கோட்டை இழுக்காதீர்கள். எல்லாம் ஒரே பக்கமாக விலகிப்போனால் மட்டும் Ts-ஐச் சந்தேகப்படுங்கள்.

மூடியைத் திறந்தால்

தேக்கா நிலையத்தில் தே தாரிக் ஆற்றுகிறவரைக் கவனித்திருப்பீர்கள். ஒரு குவளையிலிருந்து இன்னொன்றுக்கு உயரமாக இழுத்து ஊற்றுகிறார். நுரைக்காக மட்டுமா? நாக்கு சுடும் தேநீர் ரெண்டு மூணு இழுப்பில் குடிக்கும் பதத்துக்கு வந்துவிடுகிறதே! அந்த மெல்லிய இழையில் காற்றுப்படும் பரப்பு அதிகம், அங்கிருந்து தண்ணீர் ஆவியாகவும் போகிறது. ஆவி போகும்போது நிறைய வெப்பத்தையும் எடுத்துக்கொண்டு போகிறது.

அதே டம்ளர், அதே 200 மில்லிலிட்டர், அதே 79 டிகிரி, ஆனால் மூடி இல்லாமல் செய்தபோது பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை கிடைத்த அளவீடுகள்: 79, 64, 54.5, 48, 43.5. கூடுதல் சூடு 50, 35, 25.5, 19, 14.5. ln எடுத்தால் 3.91, 3.56, 3.24, 2.94, 2.67.

ஒவ்வொரு பத்து நிமிடத்துக்கும் இறக்கத்தைப் பாருங்கள்: 0.35, 0.32, 0.30, 0.27. சாய்வு குறைந்துகொண்டே போகிறது. முதல் பத்து நிமிடத்தில் k 0.035 மாதிரி, கடைசிப் பத்து நிமிடத்தில் 0.027 மாதிரி. அப்படியானால் இதில் எது k? எதுவுமே இல்லை. மூடாத பாத்திரத்தில் வெப்பம் போகும் முக்கிய வழி ஆவியாதல். அது கூடுதல் சூட்டுக்கு நேர் விகிதத்தில் போவதில்லை. 80 டிகிரித் தண்ணீரின் ஆவி அழுத்தம் 50 டிகிரியில் இருப்பதைப்போல் ஏறத்தாழ நாலு மடங்கு. சூடு ஏற ஏற ஆவியாதல் தாவித் தாவி ஏறுகிறது. அதனால்தான் ஆரம்பத்தில் கோடு மிகவும் செங்குத்தாக இருக்கிறது.

இதற்கும் தப்பான Ts-க்கும் வித்தியாசம் தெரிய வேண்டும். இரண்டிலும் கோடு மேல்நோக்கித்தான் வளைகிறது. ஆனால் Ts தப்பானால் தலைப்பகுதி நேராகவும் வால் வளைந்தும் இருக்கும். ஆவியாதல் இருந்தால் முதல் பத்து நிமிடத்திலேயே வளைவு தொடங்கிவிடும். சந்தேகமாக இருந்தால் தட்டைப் போட்டு மூடி மறுபடி செய்யுங்கள். வளைவு போய்விட்டால் குற்றவாளி ஆவிதான்.

நான் ஃபேனை ஓடவிட்டதற்கும் காரணம் உண்டு. நியூட்டன் தன் இரும்பை அசையாத காற்றில் வைக்கவில்லை. சீராக வீசும் காற்றில் வைத்தார், அதைக் கட்டுரையிலும் எழுதினார். அசையாத காற்றில், பொருளின் சூடுதான் பக்கத்துக் காற்றை மேலே கிளப்புகிறது. பொருள் ஆற ஆற அந்தக் காற்றோட்டமும் தளர்கிறது, k-யும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைகிறது. கூடுதல் சூடு மிக அதிகமானால் விதி பிசகுகிறது என்பதை 1817-ல் பிரான்சின் துலோங், பெத்தி இருவரும் கவனமான அளவீடுகளால் காட்டினார்கள். ஃபேன் ஒரே வேகத்தில் வீசினால் காற்றோட்டம் பொருளின் சூட்டை நம்பி இருக்காது, நேர்கோடும் சுத்தமாக வரும்.

இப்போ அண்டாவுக்கு வருவோம்

பத்து லிட்டர் சாம்பார், மூடிய பாத்திரம், கூடாரத்துக்குள் 30 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். அடுப்பிலிருந்து இறக்கி, கலக்கி அளந்தால் 90. அரை மணி கழித்து, மறுபடி கலக்கி அளந்தால் 84.5. கூடுதல் சூடு 60-லிருந்து 54.5 ஆகியிருக்கிறது.

k = ln(60 ÷ 54.5) ÷ 30 = 0.096 ÷ 30 = 0.0032

டம்ளரின் k-யில் ஐந்தில் ஒரு பங்கு. பாத்திரம் பெரிதானால் k குறையும். எல்லா அளவையும் இரண்டு மடங்காக்கினால் உள்ளே பிடிக்கும் சாம்பார் எட்டு மடங்கு, வெப்பம் வெளியே போகும் பரப்பு நாலு மடங்குதான், k பாதியாகிவிடும். ஆகவே டம்ளரில் அளந்த k-ஐ அண்டாவுக்கு எடுத்துக்கொண்டு போகாதீர்கள்.

60 டிகிரிக்கு இறங்கும்போது கூடுதல் 30, அதாவது 60-இல் பாதி. பாதியாகும் நேரம் 0.693 ÷ 0.0032 = 217 நிமிடம். மூன்றரை மணி நேரத்துக்குச் சற்று மேல். நிம்மதியாக இருக்கிறதா? அவசரப்படாதீர்கள். அந்த 84.5-ஐ நான் அரை டிகிரி தப்பாகப் படித்திருந்தால்? உண்மை 84 என்றால் பதில் 197 நிமிடம். 85 என்றால் 239 நிமிடம். ஒரே ஓர் அரை டிகிரியால் இருபது நிமிடம் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ போய்விடுகிறது. இரண்டே புள்ளிகளை வைத்து k எடுத்ததன் விலை இது. பத்துப் பத்து நிமிடமாக ஒரு மணி நேரம் அளந்து, ln கோடு போட்டு, சாய்வைப் படித்தால் இந்தத் தடுமாற்றம் நன்றாகக் குறையும்.

பரிமாறத் தொடங்கியதும் இன்னொன்றும் நடக்கிறது. மூடி அடிக்கடி திறக்கிறது, ஆவி போகிறது. சாம்பாரும் குறைகிறது, பாத்திரம் அதே, உள்ளே இருப்பது பாதி. இரண்டுமே k-ஐ ஏற்றும். ஆகவே மூடி வைத்து அளந்த k சொல்லும் நேரத்தைவிடச் சீக்கிரமாகவே 60 வந்துவிடும். கணக்கு தவறும் திசை ஆபத்தான திசை. அதனால் 217 நிமிடத்தை ஒரு மேல் எல்லையாக மட்டும் வையுங்கள். அடுப்பைத் திரும்ப மூட்டும் நேரத்தை அதற்கு வெகு முன்னாலேயே குறித்துக்கொள்ளுங்கள். வெப்பமானியையும் பையில் போட்டுவிடாதீர்கள்.

பொங்கலுக்கு இந்தக் கணக்கே ஓடாது. சாம்பாரைக் கலக்கினால் எல்லா இடமும் ஒரே சூடு. கெட்டியான பொங்கல் தானாகச் சுழலாது. ஓரம் ஆறிக் கிடக்கும்போது நடுவில் கை வைக்க முடியாது. அப்போது T என்று எந்த எண்ணைச் சொல்வது? ஒரே T இல்லாத இடத்தில் ஒரே k-யும் இல்லை. பொங்கலில் ஓரத்தில் அளந்து பார்த்து முடிவெடுப்பதே பத்திரம்.

மிஞ்சிய சாம்பார் விஷயத்தையும் இந்தக் கோடே சொல்லிவிடும். கோடு கடைசியில் போய்ச் சேரும் இடம் Ts. நம் ஊரில் அது 30. அந்த 30-ஏ 5-க்கும் 60-க்கும் நடுவில்தான் இருக்கிறது! அதாவது மேசை மேல் வைத்த பாத்திரம் தானாக ஆறி ஆபத்து வட்டத்தைத் தாண்டி வெளியே போகவே போகாது. 60-லிருந்து 35-க்கு இறங்கவே ln(30 ÷ 5) ÷ 0.0032, ஏறத்தாழ 560 நிமிடம், ஒன்பது மணி நேரத்துக்கு மேல். ராத்திரி மூடி வைத்த அண்டா விடியற்காலையிலும் இளஞ்சூடாக இருப்பது இதனால்தான். "சூடா இருக்கே, கெட்டிருக்காது" என்று சொல்வதற்கு அந்த இளஞ்சூடு ஆதாரம் ஆகாது. சீக்கிரம் ஆறவைக்க வேண்டுமென்றால் k-ஐ ஏற்றுங்கள்: அகலமான, ஆழமில்லாத தட்டுகளில் பிரித்து ஊற்றுங்கள், பிறகு குளிர்பதனப் பெட்டிக்கு. அங்கே Ts-உம் 5-க்குக் கீழே இறங்கிவிடும்.

நீங்களே செய்து பாருங்கள்

மூடிய பானையில் ரசம். சுற்றுப்புறம் 30 டிகிரி. 0 நிமிடத்தில் 86, 20-இல் 78, 40-இல் 71.

1. ln(T − 30)-ஐ வரைந்து k-ஐப் படியுங்கள்.
2. ரசம் எத்தனையாவது நிமிடத்தில் 60-க்கு வரும்?
3. சுற்றுப்புறத்தை 25 என்று எடுத்தால் k கூடுமா, குறையுமா? கணக்குப் போடுமுன் யோசித்துச் சொல்லுங்கள்.

விடைகள்: (1) ln மதிப்புகள் 4.03, 3.87, 3.71; k ஏறத்தாழ நிமிடத்துக்கு 0.0078. (2) ln(56 ÷ 30) ÷ 0.0078, அதாவது 80-ஆவது நிமிடம். (3) குறையும். கழிக்கும் எண் சிறிதானால் கூடுதல் சூடு பெரிதாகத் தெரியும். ஆறும் வேகம் அதேதான். அதே வேகத்தைப் பெரிய எண்ணால் வகுக்கிறோம்.